நுனி உரியும் நகம், நீளவாக்கில் கோடு: தண்ணீரா, சத்துக் குறைவா?

கேள்வி: எனக்கு வயது 42. பல் மருத்துவமனையில் உதவியாளராக இருக்கிறேன். ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது கை கழுவி, கையுறை மாட்டிக் கழற்ற வேண்டும். வீட்டில் பாத்திரம், துணி எல்லாம் நானேதான். ஒரு வருடமாக வலது கைப் பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் நகங்களின் நுனி ஏடு ஏடாக உரிகிறது. பத்து விரல்களிலும் மேலிருந்து கீழாகக் கோடுகள் இருக்கின்றன. வலது பெருவிரலில் நுனியிலிருந்து மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு பிளவு விட்டு, துணியில் மாட்டி இழுக்கிறது. கால் நகங்களில் ஒரு குறையும் இல்லை. மூன்று மாதமாகக் கால்சியம் மாத்திரையும், 10 மில்லிகிராம் பயோட்டினும் சாப்பிடுகிறேன். நகத்தைக் கடினமாக்கும் பூச்சும் போடுகிறேன். பலன் தெரியவில்லை. மாதவிலக்கின்போது ரத்தப்போக்கு அதிகம், களைப்பும் உண்டு. அடுத்த வாரம் தைராய்டு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. எனக்கு என்ன சத்துக் குறைவு?

பதில்: முதலில் அந்த ரத்தப் பரிசோதனையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதற்குத்தான் நாள் குறைவாக இருக்கிறது. பயோட்டின் மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். ஒரு பெரியவருக்கு ஒரு நாளைக்குப் போதுமான பயோட்டின் 30 மைக்ரோகிராம். நீங்கள் எடுப்பது அதைப்போல முந்நூறு மடங்குக்கும் மேல். தைராய்டு உள்ளிட்ட பல ஹார்மோன்களை அளக்கும் ஆய்வகக் கருவிகளில் பல, அளக்கும் முறையிலேயே பயோட்டினைப் பயன்படுத்துகின்றன. ரத்தத்தில் அது மிதமிஞ்சி இருந்தால் கணக்கு பிசகிவிடும். தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். உண்மையைவிடக் குறைவாகவும், தைராய்டு சுரக்கும் ஹார்மோனான டி4 உண்மையைவிட அதிகமாகவும் காட்டக்கூடும். அதாவது தைராய்டு மந்தமாக இருப்பவருக்கும் அறிக்கை சரியாக இருப்பதுபோல வரலாம். நன்றாக இருப்பவருக்கு தைராய்டு அதிகமாகச் சுரப்பதுபோல வரலாம். மாரடைப்பைக் கண்டுபிடிக்கச் செய்யும் டிரோபோனின் பரிசோதனையைக்கூட இது ஏமாற்றும். சிறிய அளவில் எடுப்பவர்களுக்கு இரண்டு மூன்று நாள் இடைவெளி போதும். உங்கள் அளவுக்கு ஒரு வாரம் விடுவது பாதுகாப்பு. ரத்தம் எடுப்பவரிடமும், பரிசோதனை எழுதிக் கொடுத்த மருத்துவரிடமும் மாத்திரையின் பெயரையும் அளவையும் சொல்லிவிடுங்கள். ஒரு வார இடைவெளி கிடைக்காது என்றால் பரிசோதனையைத் தள்ளிப்போடச் சொல்லிக் கேளுங்கள்.

இனி நகத்துக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் மருத்துவருக்கு மிகவும் உதவுகிற வரி, கால் நகங்களில் குறை இல்லை என்பதுதான். சத்துக் குறைவோ தைராய்டோ மட்டுமே காரணமென்றால், அது ரத்தம் வழியாக இருபது விரல்களுக்கும்தான் போக வேண்டும். வலது கையின் முதல் மூன்று விரல்களை மட்டும் தேர்ந்தெடுத்துத் தாக்காது. நீங்கள் வலக்கைப் பழக்கம் உள்ளவர் என்று வைத்துக்கொண்டால், கருவியைப் பிடிப்பதும், பஞ்சை எடுப்பதும், பாத்திரத்தைத் தேய்ப்பதும், ஒட்டியதைச் சுரண்டுவதும் அந்த மூன்று விரல்கள்தான். எனவே நுனி உரிவதற்கு முதல் காரணம் வெளியில் இருக்கிறது. கோடுகள் பத்து விரல்களிலும் இருக்கின்றன என்பதால் அவை வேறு கணக்கு. இரண்டையும் ஒரே நோயாக நினைத்து ஒரே மாத்திரையில் தீர்க்கப் பார்ப்பதுதான் பொதுவாக நடக்கும் தவறு.

நகத் தட்டின் தடிமன் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். அதற்குள் கெரட்டின் என்ற புரதம் நிறைந்த இறந்த செல்கள் தட்டையாகி, அடுக்கின் மேல் அடுக்காக ஒட்டிக் கிடக்கின்றன. ப்ளைவுட் பலகையை நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்: ஏடுகள் கெட்டிதான், ஏடுகளை இணைக்கும் ஒட்டுதான் பலவீனம். நகத்துக்குள் தண்ணீர் சுலபமாகப் போய்விடும், சுலபமாக வெளியேறியும் விடும். தண்ணீரைத் தடுத்து நிறுத்தும் கொழுப்பு நகத்தில் ஐந்து சதவீதம்கூட இல்லை. கை கழுவும்போது நகம் நீரை உறிஞ்சி லேசாக உப்புகிறது, காயும்போது சுருங்குகிறது. ஒரு தடவை நடந்தால் ஒன்றும் ஆகாது. ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தடவை நடந்தால் ஏடுகளுக்கு இடையிலுள்ள பிடிப்பு தளர்ந்து, நுனியில் பிரிய ஆரம்பிக்கும். சோப்பும் பாத்திரம் கழுவும் திரவமும் இருக்கிற கொஞ்சம் கொழுப்பையும் எடுத்துவிடுவதால் வேலை இன்னும் வேகமாகிறது. வெந்நீர் அதற்கு மேலும் துணை செய்கிறது.

நுனி மட்டும் ஏன் உரிகிறது என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. கை நகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வளரும். வேர்ப்பக்கத்துத் தோல் மடிப்பிலிருந்து நுனி வரை 14 மில்லிமீட்டர் இருந்தால், நுனியிலுள்ள பகுதி வெளியே வந்து நான்கரை மாதம் ஆகிறது. நாளைக்கு முப்பது தடவை கழுவினால், அந்தத் துண்டு நாலாயிரம் தடவை ஊறி நாலாயிரம் தடவை காய்ந்திருக்கும். மடிப்பை ஒட்டியுள்ள பகுதியோ போன வாரம்தான் வெளியே வந்தது. மூன்று மாதமாக மாத்திரை எடுத்தும் பலன் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மாத்திரை வேலை செய்திருந்தாலும்கூட இன்று உரிந்துகொண்டிருக்கும் நுனி அதற்கு முன்பே உருவாகிவிட்ட நகம். எந்தச் சிகிச்சையானாலும் கை நகத்துக்கு நாலிலிருந்து ஆறு மாதம் கொடுக்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால், தண்ணீரில் இருக்கும் மொத்த நேரத்தைவிட, எத்தனை தடவை நனைந்து காய்கிறது என்ற எண்ணிக்கைதான் அதிகம் கெடுக்கிறது. எனவே குறைக்க வேண்டியது அந்த எண்ணிக்கை. வீட்டில் இது சுலபம். பாத்திரம் விழ விழக் கழுவாமல், ஒரு நாளைக்கு இரண்டு முறை என்று சேர்த்துக் கழுவுங்கள். உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை, அதன் மேல் நீளமான ரப்பர் அல்லது வினைல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பருத்தி இல்லாமல் வெறும் ரப்பரைப் போட்டால் உள்ளே வியர்த்து, நகம் அந்த ஈரத்திலேயே ஊறும். கையுறை போட்டும் குணமாகவில்லை என்பவர்களில் பலருக்குக் காரணம் இதுதான். பதினைந்து இருபது நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து போட வேண்டாம். உள்ளே தண்ணீர் இறங்கிவிட்டால் உடனே கழற்றிவிடுங்கள். நனைந்த பருத்தியை மறுபடி மாட்டாமல், காய்ந்த இன்னொரு ஜோடியைப் போடுங்கள். நாலைந்து ஜோடி பருத்திக் கையுறை கைவசம் இருந்தால்தான் இது நடக்கும். காய்கறி, பழம் நறுக்கும்போது புளிப்பான சாறு விரலில் படுவதும், பாட்டில் மூடியை நகத்தால் நெம்புவதும், ஒட்டுத்தாளை நகத்தால் சுரண்டுவதும் ஏற்கெனவே தளர்ந்த ஏட்டைக் கிளப்பிவிடும்.

மருத்துவமனையில் கை கழுவுவதைக் குறைக்கச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் கழுவும் விதத்தில் மாற்றலாம். கையில் கண்ணுக்குத் தெரியும் அழுக்கோ, ரத்தமோ, எச்சிலோ இல்லாத நேரத்தில், உங்கள் இடத்துத் தொற்றுத் தடுப்பு விதி அனுமதிக்கும் வரை, சோப்புத் தண்ணீருக்குப் பதிலாக ஆல்கஹால் கைத்தேய்ப்பானைப் பயன்படுத்துங்கள். கிளிசரின் போன்ற ஈரப்பதம் காக்கும் பொருள் சேர்த்ததாக இருக்கட்டும். ஆல்கஹால் எரிகிறதே, அது இன்னும் மோசமல்லவா என்று தோன்றும். வெடிப்புள்ள தோலில் பட்டால் எரியும், உண்மை. ஆனால் தோலின் கொழுப்பை உருவி எடுப்பதில் சோப்பும் தண்ணீரும்தான் அதைவிட மோசம். நகத்தை ஊறவைப்பதும் தண்ணீர்தான். இருபது முப்பது நொடி தேய்த்து, கை முழுக்கக் காய்ந்த பிறகே கையுறையை மாட்டுங்கள். சோப்புப் போட்டுக் கழுவ வேண்டிய தருணங்களில் வெந்நீர் வேண்டாம், சாதாரணத் தண்ணீர் போதும். துடைக்கும்போது உள்ளங்கையோடு நிறுத்திவிடாமல், நகத்தின் அடிப்பக்கத்திலும் ஓரங்களிலும் காகிதத் துண்டை ஒற்றி எடுங்கள். ஈரக் கையோடு கையுறை மாட்டினால், அடுத்த நோயாளி எழுந்து போகும் வரை நகம் அந்த நீரிலேயே கிடக்கும்.

நகத்துக்கு எண்ணெய்ப் பசை கொடுப்பது அடுத்த பாதி வேலை. இணையத்தில் பார்த்தால் இரவில் பதினைந்து இருபது நிமிடம் கையை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துவிட்டு களிம்பு தடவச் சொல்வார்கள். காய்ந்து போன நகமும், தண்ணீர் அதிகம் படாத வேலையும் உள்ளவருக்கு அது சரியான முறை. உங்களுக்கு அது வேண்டாம். நாள் முழுக்க ஊறிய நகத்தை இரவிலும் ஊறவைப்பதில் பொருளில்லை. படுக்கைக்கு முன் கடைசியாகக் கை கழுவித் துடைத்ததும், ஓரிரு நிமிடத்துக்குள், நகத்தில் ஈரம் கொஞ்சம் மிச்சமிருக்கும்போதே களிம்பு போடுங்கள். ஒரு நகத்துக்குக் கடுகளவு பெட்ரோலியம் ஜெல்லி போதும். நகத்தின் மேல், ஓரத்து மடிப்பு, அடியில் நுனி தொங்கும் இடம், மூன்றிலும் படும்படி தேய்த்துவிட்டு, பருத்திக் கையுறை போட்டுத் தூங்குங்கள். கையுறை தூக்கத்தைக் கெடுத்தால் இரண்டு மணி நேரம் போட்டுக் கழற்றினாலும் பலன் உண்டு. பெட்ரோலியம் ஜெல்லி நகத்துக்கு ஊட்டம் எதையும் கொடுப்பதில்லை; உள்ளே இருக்கும் நீர் சட்டென்று வெளியேறாமல் மூடி வைக்கிறது, அவ்வளவுதான் அதன் வேலை.

அதில் மட்டும் போதவில்லை என்றால் யூரியா 10 முதல் 20 சதவீதம் உள்ள கிரீமை முதலில் தடவி, அதன் மேல் ஜெல்லியைப் போடலாம். வாங்கும்போது சதவீதத்தைப் பார்த்து வாங்குங்கள். 40 சதவீத யூரியாவும் அதே அலமாரியில்தான் இருக்கும். அது கெட்டுப்போன தடித்த நகத்தைக் கரைத்து எடுப்பதற்கான மருந்து. உங்கள் நகத்தில் போட்டால் இருப்பதும் மெழுகாகிவிடும்.

பகலில் ஒரு எச்சரிக்கை. லேடெக்ஸ் கையுறை போடுகிற இடமாக இருந்தால் வேலை நேரத்தில் பெட்ரோலியம் ஜெல்லியோ எண்ணெயோ தடவாதீர்கள். எண்ணெய் பட்டால் லேடெக்ஸ் பலவீனமாகி, கண்ணுக்குத் தெரியாமல் துளை விடும். பகலுக்குத் தண்ணீர் அடிப்படையிலான கைக் கிரீம், கனமான களிம்பு இரவுக்கு மட்டும் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

நகம் வெட்டுவதில் இரண்டு விஷயம். உலர்ந்து முறுகலாக இருக்கும்போது நகவெட்டியை வைத்து அழுத்தினால் வெட்டுப்படும் இடத்தில் ஏடுகள் நசுங்கி, புதிதாக ஒரு பிரிவு தொடங்கும். குளித்து முடித்து நகம் மெத்தென்று இருக்கும்போது, ஒரே அழுத்தாக நடுவில் வெட்டாமல், ஓரத்திலிருந்து சின்னச் சின்னதாக வெட்டுங்கள். அரத்தால் தேய்ப்பது இதற்கு நேர்மாறு. நகம் நன்றாகக் காய்ந்த பிறகுதான் செய்ய வேண்டும், ஈர நகத்தைத் தேய்த்தால் இழை இழையாகப் பிய்யும். உலோக அரம் வேண்டாம். 180 அல்லது 240 என்று எண் போட்ட மென்மையான அட்டை அரமோ, கண்ணாடி அரமோ வாங்கிக்கொள்ளுங்கள். எண் கூடக் கூடப் பொடி மென்மையாகும் என்பது நினைவிருக்கட்டும். ரம்பம்போல முன்னும் பின்னும் இழுக்காமல், ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒரே திசையில் தேயுங்கள். கடைசியாக அரத்தைச் சற்றே சாய்த்து, நுனியின் மேல் விளிம்பை இரண்டு மூன்று இழுப்பில் மழுக்கிவிட்டால், கிளம்பி நிற்கும் ஏடு எதிலும் மாட்டாது. உரிந்து தொங்கும் ஏட்டை விரலால் பிய்க்கும் ஆசை வரும். பிய்த்தால் அது உங்கள் கணக்குப்படி நிற்காது, நல்ல நகத்துக்குள்ளும் கிழித்துக்கொண்டு போகும். 240 அரத்தை வளரும் திசையிலேயே மெதுவாக ஓட்டி அந்த இடத்தை மட்டும் சமப்படுத்துங்கள். சதையைத் தாண்டி நிற்கும் நகம் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். நீளம் கூடினால் நெம்புகோலாகி, அழுத்தம் எல்லாம் நுனியில் வந்து விழும்.

பெருவிரல் பிளவை இந்த வாரமே நன்றாக வெளிச்சத்தில் பாருங்கள். அது நுனியில் தொடங்கி மூன்று மில்லிமீட்டரில் நின்றுவிடுகிறதா, அல்லது மெல்லிய கோடாக வேர் மடிப்பு வரை போகிறதா? நுனியோடு நின்றால் அது உரிதலின் நீட்சி. சதையை ஒட்டிய பகுதிக்குள் போய்விட்டதால் வெட்டி எடுக்க முடியாது, வளர்ந்து வெளியே வரும் வரை தாங்கிப் பிடிக்கத்தான் வேண்டும். நகத்துக்கென்றே விற்கும் சயனோஅக்ரிலேட் பசை ஒரு சொட்டு, பிளவைவிட இரண்டு மில்லிமீட்டர் பெரிதாக வெட்டிய மெல்லிய பட்டுத் துண்டு (நக அலங்காரக் கடைகளில் இதற்கென்றே கிடைக்கும்), இரண்டும் போதும். நகத்தை அசிட்டோன் இல்லாத நெயில் பாலிஷ் ரிமூவரால் துடைத்துக் காயவைத்து, துணியைப் பிளவின் மேல் வைத்து, பசையைத் துணியின் மேல் விட்டு, ஓரத்துத் தோலில் வழியாமல் பரப்புங்கள். காய்ந்ததும் 240 அரத்தால் மேடு தெரியாமல் தேய்த்துவிடுங்கள். நுனி வளர வளர நறுக்கிக்கொண்டே வந்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பசையைப் புதுப்பித்தால், மூன்று மில்லிமீட்டர் பிளவு ஒன்று ஒன்றரை மாதத்தில் வெளியேறிவிடும். பிளவில் சீழ், வலி, ரத்தக் கசிவு இருந்தால் பசை போடக் கூடாது. கிருமியை உள்ளே வைத்துப் பூட்டியது போலாகிவிடும். வேலையிடத்தில் நகத்தின் மேல் எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது என்ற விதி இருந்தால், பொறுப்பாளரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இப்போது கடினமாக்கும் பூச்சு. அந்தப் புட்டியை ஒதுக்கி வையுங்கள். இவ்வகைப் பூச்சுகள் பலவற்றில் ஃபார்மால்டிஹைடு அல்லது அதைப் போல வேலை செய்யும் பொருள் இருக்கும். அது கெரட்டின் இழைகளை ஒன்றோடொன்று கூடுதலாகப் பிணைக்கிறது. முதல் இரண்டு மூன்று வாரம் நகம் கெட்டியானது போலத் தோன்றும், அதனால்தான் நம்பிக்கை வருகிறது. பிணைப்பு மிஞ்சிப் போனதும் வளைந்து கொடுக்கும் தன்மை போய்விடுகிறது. நகத்துக்குத் தேவை கடினம் மட்டுமல்ல, வளைவும்தான். வளையாத நகம் அடிபட்டால் ஒடியும். சிலருக்கு அந்தப் பொருளால் ஒவ்வாமை வந்து நகத்தைச் சுற்றியும், கண் இமையிலும்கூட அரிப்பு வரும். சாதாரண நெயில் பாலிஷ் அந்த அளவுக்குக் கெடுதல் இல்லை, தண்ணீர் ஏறி இறங்குவதை அது கொஞ்சம் தடுக்கிறது. ஆனால் அதை எடுக்கும் ரிமூவர்தான் பகை. வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் ரிமூவர் படக் கூடாது, அதுவும் அசிட்டோன் இல்லாததாக இருக்க வேண்டும். நோயாளிகளைத் தொடும் வேலையில் பாலிஷுக்குப் பெரும்பாலும் அனுமதி இருக்காது என்பதால் உங்களுக்கு இது விடுமுறைக்கான செய்தி. நகப் பராமரிப்பு நிலையத்தில் ஜெல் போட்டு, அதை உரித்து எடுப்பது மட்டும் எந்த நாளிலும் வேண்டாம். ஜெல்லோடு நகத்தின் மேல் ஏடும் சேர்ந்தே வந்துவிடும்.

இனி சத்து. கால்சியத்தை நகத்துக்காக எடுத்துக்கொண்டிருந்தால் நிறுத்திவிடலாம். நகத்தின் எடையில் கால்சியம் ஆயிரத்தில் ஓரிரு பங்குதான். நகத்தின் கெட்டித்தன்மை கெரட்டினில் உள்ள கந்தகப் பிணைப்புகளால் வருகிறது. எலும்புக்காக மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தால் அது வேறு விஷயம், அவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்.

பயோட்டினுக்குச் சிறிய ஆதாரம் உண்டு. நொறுங்கும் நகத்துக்கு 2.5 மில்லிகிராம் வீதம் ஆறு மாத அளவில் கொடுத்துப் பார்த்த சிறிய ஆய்வுகளில் சிலருக்கு நகம் தடித்தது. ஆனால் அவை கொஞ்சம் பேரை வைத்துச் செய்தவை. உண்மையான பயோட்டின் குறைபாடு மிக அரிது. 10 மில்லிகிராம் எடுத்தால் நான்கு மடங்கு பலன் என்று எவரும் காட்டியதில்லை. ரத்தப் பரிசோதனைகள் எல்லாம் முடிந்த பிறகு உங்கள் மருத்துவர் சரி என்றால் 2.5 மில்லிகிராமில் தொடரலாம். என்னைக் கேட்டால், தண்ணீரைக் கட்டுப்படுத்தாமல் பயோட்டினை மட்டும் நம்புவது வீண் செலவு.

உங்கள் விஷயத்தில் தேட வேண்டிய சத்து இரும்பு. அதிக ரத்தப்போக்கும் களைப்பும் சேர்ந்து வரும்போது ஹீமோகுளோபின் மட்டும் பார்த்தால் போதாது. சேமிப்பில் இருக்கும் இரும்பு முதலில் தீரும், ஹீமோகுளோபின் கடைசியில்தான் இறங்கும். எனவே தைராய்டுப் பரிசோதனையோடு, சேமிப்பு இரும்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் சேர்த்துக் கேளுங்கள். மில்லிலிட்டருக்கு 15 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு உறுதி. 30-க்குக் கீழே இருந்தாலே, அதிலும் ரத்தப்போக்கும் களைப்பும் உள்ளவருக்கு, பல மருத்துவர்கள் சிகிச்சை தொடங்குவார்கள். காய்ச்சலோ வேறு தொற்றோ இருக்கும் நாளில் எடுத்தால் ஃபெரிட்டின் பொய்யாகக் கூடிக் காட்டும், சரியான பிறகு எடுங்கள். இந்த அளவீட்டையும் பயோட்டின் சில கருவிகளில் குழப்பும் என்பது ஒரு வாரம் நிறுத்தச் சொன்னதற்கு இன்னொரு காரணம்.

இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தால் அதைக் கால்சியத்தோடு சேர்த்து விழுங்காதீர்கள். கால்சியம் இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கும். காபியும் டீயும் அப்படித்தான். குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். நகத்துக்கென்று மூன்று மாதமாக எடுத்த கால்சியம், சாப்பாட்டோடு சேர்ந்தே போயிருந்தால், உணவிலிருந்து வரும் இரும்பையும் ஓரளவு தடுத்திருக்கலாம். ரத்தப்போக்கு ஏன் அதிகம் என்பதையும் மகப்பேறு மருத்துவரிடம் காட்டுங்கள். ஓட்டை அடைக்காமல் இரும்பை ஊற்றிக்கொண்டே இருக்க முடியாது. இரும்பு குறைந்தால் நகம் மெலிந்து, நடுவில் குழிந்து, ஒரு சொட்டுத் தண்ணீரை வைத்தால் வழியாமல் நிற்கும் அளவுக்குக் கரண்டி வடிவமாகலாம். உங்கள் நகங்களில் அப்படி இருக்கிறதா என்று சொட்டு விட்டே பாருங்கள்; இல்லாவிட்டாலும் இரும்புக் குறைவு இல்லை என்று அர்த்தமல்ல.

பத்து விரல்களிலும் உள்ள நீளவாக்குக் கோடுகளைப் பொறுத்தவரை, ஏமாற்றாமல் சொல்வதானால், அவை முழுக்கப் போகாது. நகத்தை உற்பத்தி செய்வது தோல் மடிப்புக்கு அடியில் இருக்கும் நக வேர். வயது ஏற ஏற அதன் எல்லாப் பகுதியும் ஒரே சீராக வேலை செய்வதில்லை. மெதுவாகச் செய்யும் இடத்துக்கு நேர் கீழே பள்ளமும், பக்கத்தில் மேடுமாக நகம் வருகிறது. மெல்லிய, சம இடைவெளியிலான, எல்லா விரல்களிலும் உள்ள கோடுகள் நோயல்ல. பள்ளம் உள்ள இடத்தில் நகம் மெலிவாக இருப்பதால் தண்ணீரில் தளர்ந்த நுனி அந்தக் கோட்டோடு பிளக்கிறது, அங்கேதான் உங்கள் இரண்டு பிரச்சினைகளும் சந்திக்கின்றன. மேட்டைத் தேய்த்துச் சமப்படுத்தினால் பளபளப்பு வரும், ஆனால் அரை மில்லிமீட்டர் தகட்டில் தேய்க்க என்ன இருக்கிறது? மேட்டின் உயரம் குறையும்போது நகத்தின் பலமும் குறைகிறது. வேர் மடிப்பை ஒட்டிய மெல்லிய தோலையும் தள்ளவோ வெட்டவோ வேண்டாம். வேருக்குள் தண்ணீரும் கிருமியும் போகாமல் அடைத்து வைத்திருப்பது அதுதான். அது போனால் நகச்சுற்று வரும், நகச்சுற்று வந்தால் வேர் வீங்கி நகம் அலை அலையாக முளைக்கும்.

முன்னேற்றத்தைப் பார்க்க ஒரு வழி: மாதம் ஒருமுறை, அதே சன்னலருகே, அதே தூரத்தில் மூன்று விரல்களையும் புகைப்படம் எடுங்கள். முதலிரண்டு மாதம் நுனி அப்படியேதான் இருக்கும், அதைப் பார்த்து முறையை மாற்றாதீர்கள். மூன்றாவது மாதத்தில் உரிதலின் ஆழம் குறைந்திருந்தால் வழி சரி. ஆறு மாதம் ஒழுங்காகச் செய்தும் அப்படியே இருந்தாலோ, நடுவில் கால் நகங்களுக்கும் பரவினாலோ, தோல் மருத்துவரிடம் நேரில் காட்ட வேண்டும்.

ஆறு மாதம் காத்திருக்கக் கூடாத சில நிலைகள் உண்டு. பெருவிரல் பிளவு வேர் மடிப்பு வரை ஓடினால், அதுவும் அந்த ஒரு விரலில் மட்டும் இருந்தால், வேரில் கட்டியோ நீர்க்கட்டியோ அழுத்துகிறதா என்று பார்க்க வேண்டும். குளிர்ந்த நீர் பட்டால் குத்துவலி எடுத்தால் சந்தேகம் கூடும். நகம் சில மாதங்களில் மெலிந்துகொண்டே போய், மடிப்புத் தோல் நகத்தின் மேல் ஏறி ஒட்ட ஆரம்பித்தால், அது வேரை நிரந்தரமாக அழிக்கும் ஒரு வகைத் தோல் அழற்சியாக இருக்கலாம். தாமதித்தால் நகம் திரும்பாது. புதிதாக ஒரு விரலில் மட்டும் கறுப்பு அல்லது பழுப்புப் பட்டை தோன்றி அகலமானாலும் உடனே போங்கள். மருத்துவரிடம் போகும்போது பாலிஷ், பசை எதுவும் இல்லாமல் போக வேண்டும். போவதற்கு முந்தைய ஒரு வாரம் நகம் வெட்டாமல் விடுங்கள். பூஞ்சை இருக்கிறதா என்று பார்க்க நறுக்கி அனுப்ப அவருக்கு நுனி வேண்டும்.